பினாங்கில் பணம், சிரம்பானில் கேக், செண்டாயானில் பாட்டி

இணையத்தில் ஒரு கேக் படத்தைத் தட்டிப் பணம் கட்டுகிறோம். அந்த நொடியில் அந்தக் கேக் எங்கே இருக்கிறது என்று நீங்கள் யோசித்ததுண்டா? எங்குமே இல்லை. சட்டையோ காலணியோ வாங்கினால், அது ஏதோ ஒரு கிடங்கில் ஏற்கெனவே பெட்டிக்குள் காத்திருக்கும். மூன்று நாள் லாரியில் பயணம் செய்தாலும் கெடாது. கிரீம் பூசிய கேக்கும் பறித்த பூவும் அப்படிப் பயணம் செய்ய முடியாதவை. பெறுபவர் இருக்கும் ஊரிலேயே, கொடுக்க வேண்டிய நாளன்று, யாரோ ஒருவர் அதைச் செய்தாக வேண்டும். நாம் வாங்குவது நமக்கு முகம் தெரியாத அந்த ஒருவரின் வாக்கைத்தான்.

நான் பினாங்கில் படிக்கிறேன். என் பாட்டி நெகிரி செம்பிலானில், செண்டாயான் தோட்டப் பகுதியில் இருக்கிறார். இரண்டுக்கும் இடையே நானூறு கிலோமீட்டருக்கு மேல் தூரம். இவ்வாண்டு பாட்டியின் 75ஆவது பிறந்தநாள் ஒரு வெள்ளிக்கிழமையில் வந்தது. எனக்குத் தேர்வு வாரம், ஊருக்குப் போக வழியில்லை. அதனால் கேக்கும் பூவும் அனுப்புவது என்று நானும் என் அத்தை பிள்ளைகள் இருவரும் முடிவு செய்தோம்.

ஒரு சிக்கல் இருந்தது. பாட்டி சுத்த சைவம். முட்டையும் தொடமாட்டார். ஆனால் யார் மனத்தையும் நோகடிக்காதவர். முட்டை கலந்த கேக்கை அனுப்பினால், சிரித்துக்கொண்டே வெட்டுவார், எல்லாருக்கும் ஊட்டுவார், தான் மட்டும் ஒரு துண்டும் சாப்பிடமாட்டார். ஏன் என்று சொல்லவும் மாட்டார். தவறு நடந்தது நமக்குத் தெரியாமலேயே போய்விடும். ஆகவே, அனுப்பும் முன்பே எல்லாவற்றையும் சரிபார்க்க வேண்டியிருந்தது. அப்போது நான் தெரிந்துகொண்டவற்றை மூன்று கேள்விகளாகப் பிரிக்கலாம். யார் செய்கிறார்? எப்போது வருகிறது? கேட்டது இல்லையென்றால் என்ன வருகிறது?

யார் செய்கிறார்?

வெளியூருக்குப் பூ அனுப்பும் முறை இணையத்தோடு பிறந்ததல்ல. 1910இல் அமெரிக்காவில் பதினைந்து பூக்கடைக்காரர்கள் ஒன்றுகூடி ஓர் ஏற்பாடு செய்துகொண்டார்கள். ஓர் ஊரில் வாங்கும் ஆர்டரை, பெறுபவரின் ஊரில் உள்ள கடைக்குத் தந்தி மூலம் தெரிவிப்பார்கள். அந்தக் கடை தன்னிடம் உள்ள பூவைக் கட்டிக் கொண்டுபோய்க் கொடுக்கும். பூ ரயிலில் வாடவில்லை. செய்தி மட்டும் கம்பியில் ஓடியது. தந்திப் பூ விநியோகம் என்ற பொருள் தரும் பெயரில் தொடங்கிய அந்த அமைப்பின் முறைதான், இன்று பல இணையத்தளங்களின் பின்னாலும் இருக்கிறது.

வேறுபாடு ஒன்று உண்டு. அன்று ஆர்டர் வாங்கியவரும் பூக்கடைக்காரர். இன்று ஆர்டர் வாங்கும் தளத்துக்குச் சொந்தமாக ஒரு வாளிப் பூகூட இல்லாமல் இருக்கலாம். படம், விலை, பணம் கட்டும் பக்கம் ஆகியவை மட்டும் அதனிடம் இருக்கும். நமது ஆர்டரை அது சிரம்பானிலோ ஈப்போவிலோ உள்ள ஒரு கடைக்குக் கைமாற்றிவிடும்.

அதனால் நமக்கு என்ன என்று கேட்கலாம். ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். 150 ரிங்கிட் பூங்கொத்து ஒன்றுக்குப் பணம் கட்டுகிறீர்கள். உதாரணத்துக்கு, இடையில் உள்ள தளம் ஐந்தில் ஒரு பங்கை எடுத்துக்கொள்கிறது என்று வைத்துக்கொள்வோம். கடைக்குப் போவது 120 ரிங்கிட். அதில் விநியோகத்துக்கு 20 ரிங்கிட் போனால் மிச்சம் 100. படத்தில் 150 ரிங்கிட்டுக்குக் காட்டப்பட்ட கொத்தை, கடைக்காரர் 100 ரிங்கிட்டில் கட்ட வேண்டும். பன்னிரண்டு ரோஜா எட்டாகும், அல்லது ரோஜா குறைந்து இலை கூடும். பூ கட்டியவர் ஏமாற்றவில்லை. தம் கைக்கு வந்த பணத்துக்குத்தான் கட்டியிருக்கிறார்.

சென்ற ஆண்டு ஜொகூர்பாருவில் உள்ள எங்கள் பெரியம்மாவுக்கு என் அண்ணன் அனுப்பிய பூங்கொத்து இப்படித்தான் போய்ச் சேர்ந்தது. படத்தில் இருந்த கண்ணாடிச் சாடி வரவில்லை. ஒரு பிளாஸ்டிக் உறைதான் வந்தது. அண்ணன் தளத்தைக் கேட்டார். கடையைக் கேளுங்கள் என்றார்கள். எந்தக் கடை என்று கேட்டதற்குப் பதில் இல்லை.

இந்த முறை நான் முதலில் தொலைபேசியை எடுத்தேன். எந்தக் கடையாக இருந்தாலும் இரண்டு கேள்விகள் போதும். ஒன்று, ‘உங்கள் கடை எந்தச் சாலையில் இருக்கிறது?’ இரண்டு, ‘இன்று காலை உங்களிடம் என்ன பூ வந்திருக்கிறது?’ பூவைக் கையில் வைத்திருப்பவர் இரண்டாவது கேள்விக்கு உடனே பதில் சொல்வார். ரோஜா இருக்கிறது, லில்லி நாளைதான் வரும், ஜெர்பரா கொஞ்சம் வாடிவிட்டது என்பார். ‘படத்தில் உள்ள எல்லாமே கிடைக்கும்’ என்று வந்தால், பேசுபவர் பூவுக்குப் பக்கத்தில் இல்லை என்று பொருள். நான் அழைத்த முதல் எண் கோலாலம்பூரில் ஓர் அலுவலகத்தில் ஒலித்தது. சிரம்பானில் ‘எங்கள் கூட்டாளி’ இருக்கிறார் என்றார்கள். இரண்டாவது எண்ணில் பேசிய சீனக் கடைக்கார அம்மா, வாளி வாளியாக எண்ணிச் சொன்னார். அவரிடமே பூவைச் சொன்னேன்.

தளத்தைப் பார்த்தும் ஓரளவு கண்டுபிடிக்கலாம். இணையத்தில் விற்பவர் தம் பெயர், வணிகப் பதிவு எண், தொடர்பு முகவரி, விநியோகக் கட்டணம் உட்பட முழு விலை, பொருள் வந்துசேரும் உத்தேச நேரம் ஆகியவற்றைக் காட்ட வேண்டும் என்பது நம் நாட்டின் பயனீட்டாளர் பாதுகாப்பு விதி. வெறும் படமும் புலன எண்ணும் மட்டுமே இருந்தால், பின்னர் யாரைத் தேடிப் போவது என்று யோசித்துக்கொள்ளுங்கள்.

கேக்குக்கு, அத்தைக்குத் தெரிந்த ஒரு மலாய் அக்கா கிடைத்தார். சிரம்பானில் வீட்டிலிருந்தே கேக் செய்து விற்பவர். முட்டை இல்லாத கேக் என்றதும் அவர் முதலில் சொன்னது: ‘மூன்று நாளுக்கு முன்பே சொல்ல வேண்டும், உயரமான கேக் கேட்கக்கூடாது.’ காரணத்தையும் விளக்கினார். கேக்கைத் தூக்கி நிறுத்துவது முட்டைதான். அடுப்பின் சூட்டில் முட்டை இறுகி, கேக்குக்குள் இருக்கும் காற்றுக் குமிழ்களைப் பிடித்துவைக்கிறது. அதற்குப் பதிலாகத் தயிரும் சமையல் சோடாவும் சேர்த்தால் கேக் உப்பும். ஆனால் மென்மையாக, சற்று உதிரும் பதத்தில் இருக்கும். மூன்றடுக்காக உயர்த்தினால் காரில் வரும்போதே சாய்ந்துவிடலாம். படத்தில் பார்த்த கோபுரக் கேக் எங்களுக்கு இல்லை என்பது அப்போதே தெரிந்துவிட்டது. ஒரு கிலோ, எட்டு அங்குலம், ஒரே அடுக்கு என்று முடிவானது.

எப்போது வருகிறது?

பெரும்பாலான கடைகள் நாளை மூன்று கூறாகப் பிரித்து வைத்திருக்கின்றன. காலை 9 முதல் 1 வரை, பகல் 1 முதல் 5 வரை, மாலை 5 முதல் 9 வரை என்பது போல. நாம் 1 முதல் 5 வரை என்பதைத் தேர்ந்தெடுத்தால், ஏதோ 3 மணிவாக்கில் வரும் என்று மனத்தில் எண்ணிக்கொள்கிறோம். கடைக்காரர் அப்படிச் சொல்லவில்லை. 1.05க்கு வந்தாலும் 4.55க்கு வந்தாலும் அவர் வாக்கைக் காப்பாற்றியவர்தான். ஆகவே அந்த இரண்டு ஓரங்களையும் வைத்துத்தான் நாம் திட்டமிட வேண்டும்.

பாட்டி வீட்டில் கேக் வெட்டுவது மாலை 6.30க்கு. அங்கிருந்து பின்னோக்கிக் கணக்குப் போட்டேன். 5 முதல் 9 வரை என்றால் 8.50க்கும் வரலாம், உறவினர்கள் சாப்பிட்டுவிட்டுக் கிளம்பியிருப்பார்கள். காலை 9 முதல் 1 வரை என்றால், வெள்ளிக்கிழமை காலையில் பாட்டி கோயிலில் இருப்பார். 1 முதல் 5 வரை என்பது சரி. ஆனால் 1.05க்கு வந்துவிட்டால் ஐந்தரை மணி நேரம் கேக்கை எங்கே வைப்பது?

கிரீம் பூசிய கேக்கைக் குளிர்பெட்டிக்கு வெளியே இரண்டு மணி நேரத்துக்கு மேல் வைக்கக்கூடாது என்பது பொதுவான உணவுப் பாதுகாப்பு விதி. வெப்பம் 32 பாகையைத் தாண்டினால் ஒரு மணி நேரம்தான். நம் ஊர்ப் பிற்பகலில், தகரக் கூரை வீட்டில், ஒரு மணி நேரம் என்றே வைத்துக்கொள்ள வேண்டும். கிரீம் உருகி வழிவது கண்ணுக்குத் தெரியும். பாலில் கிருமி பெருகுவது தெரியாது.

அதனால் குளிர்பெட்டியில் இடம் வேண்டும். எட்டு அங்குலக் கேக் என்றால் அதன் பெட்டி சுமார் பத்து அங்குலச் சதுரம் இருக்கும். அத்தையிடம் அளவைச் சொல்லி, முதல் நாளே பார்க்கச் சொன்னேன். மேல் தட்டில் தோசை மாவுப் பாத்திரமும் பாதி தர்ப்பூசணியும் உட்கார்ந்திருந்தன. தட்டையே ஒரு படி இறக்கி மாட்டினால்தான் பெட்டி நுழையும் என்று தெரிந்தது. ஓட்டுநர் வாசலில் நிற்கும்போது செய்யக்கூடிய வேலை அல்ல இது.

அடுத்தது, யார் வாங்குவது? பாட்டி கைப்பேசியில் தெரியாத எண் வந்தால் எடுக்கவே மாட்டார். மோசடி அழைப்புகளைப் பற்றி எச்சரித்து எச்சரித்து நாங்கள்தாம் அவரை அப்படிப் பழக்கினோம். அத்தை வேலை முடிந்து வீடு வர 3 மணி ஆகும். ஆகவே கேக்குக்கு 3 முதல் 5 வரை என்ற இரண்டு மணி நேரக் குறுகிய இடைவெளியை 15 ரிங்கிட் கூடுதலாகக் கொடுத்து வாங்கினோம். இந்தக் கூடுதல் கட்டணம் எனக்கு முதலில் அநியாயமாகத்தான் பட்டது. அக்கா விளக்கினார். ஓட்டுநர் ஒரு சுற்றில் ஏழெட்டு வீடுகளுக்குப் போகிறார். வழியில் உள்ள வரிசைப்படி போனால் எரிபொருளும் நேரமும் மிச்சம். ஒரு வீட்டுக்கு மட்டும் நேரம் குறித்தால் அந்த வரிசை உடைகிறது. சில நாள் அந்த ஒரு வீட்டுக்காகவே ஒரு கார் போக வேண்டியிருக்கிறது. நாம் காசு கொடுப்பது அந்தத் தனிப் பயணத்துக்குத்தான்.

பூவுக்குக் குறுகிய இடைவெளி தேவைப்படவில்லை. அது தண்ணீரில் நிற்கும். 1 முதல் 5 வரை என்று விட்டுவிட்டு, பக்கத்து வீட்டு மாமாவின் எண்ணைக் கொடுத்தோம். கேக்கும் பூவும் சேர்ந்த ஒரே தொகுப்பாக வாங்காததற்கும் இதுவே காரணம். தொகுப்பு என்றால் பெரும்பாலும் இரண்டு இடங்களில் எடுத்து ஒரே வண்டியில் வர வேண்டும். பூ தயாராகும் வரை கேக் வண்டியில் காத்திருக்கும்.

முகவரிதான் கடைசி முடிச்சு. ரப்பரும் செம்பனையும் நின்ற எங்கள் வட்டாரத்தில் இப்போது பண்டார் ஸ்ரீ செண்டாயான் என்ற புதிய நகரம் எழுந்திருக்கிறது. அங்கே சாலைக்குப் பெயர் உண்டு, வீட்டுக்கு எண் உண்டு. பாட்டியின் வீட்டுக்கோ லயத்து எண்ணும் கோயிலும்தான் அடையாளம். ‘செண்டாயான்’ என்று தட்டினால் வரைபடம் நேராகப் புதிய நகரத்துக்குப் பாயும். விநியோகப் பகுதியைத் தளங்கள் அஞ்சல் குறியீட்டை வைத்து முடிவு செய்கின்றன. குறியீடு பொருந்தினால் ‘விநியோகம் உண்டு’ என்று பச்சை அடையாளம் காட்டும். ஆனால் ஒரே குறியீட்டுக்குள் தார்ச் சாலைத் தாமானும் இருக்கும், மண் சாலைத் தோட்டமும் இருக்கும். பச்சை அடையாளம் அந்த மண் சாலையைப் பார்த்ததில்லை. ஆகவே அத்தையை வீட்டு வாசலில் நின்று தம் இருப்பிடத்தைப் புலனத்தில் அனுப்பச் சொன்னேன். அதோடு, பிரதான சாலையில் எங்கே திரும்ப வேண்டும், கோயிலுக்கு அப்புறம் எத்தனையாவது வீடு என்று மூன்று வரியில் மலாயில் எழுதி இரண்டு கடைக்கும் கொடுத்தேன்.

கேட்டது இல்லையென்றால்?

ஆர்டர் பக்கத்தின் அடியில் சிறிய எழுத்தில் ஒரு வரி இருக்கும். ‘குறிப்பிட்ட பொருள் கிடைக்காவிட்டால், சமமான அல்லது அதிக மதிப்புள்ள மாற்றுப் பொருள் வழங்கப்படும்.’ பூவும் பழமும் மழையையும் வெயிலையும் பொறுத்தவை. கேமரன் மலையில் மழை கொட்டினால் சிரம்பான் கடையில் ஸ்ட்ராபெரி இருக்காது. ஆகவே மாற்றுவதற்கு இடம் வைத்திருப்பது நியாயம்தான். கவனிக்க வேண்டியது ‘மதிப்பு’ என்ற சொல். கடைக்காரருக்கு அது ரிங்கிட். பெறுபவருக்கு அது வேறு ஏதோ ஒன்று.

புதன்கிழமை மலாய் அக்காவிடமிருந்து செய்தி வந்தது. நல்ல ஸ்ட்ராபெரி வரவில்லை. அதற்குப் பதிலாக மேலே மாம்பழ மூஸ் அடுக்கு ஒன்று வைத்துத் தருகிறேன், விலை கூடினாலும் கூடுதல் பணம் வேண்டாம் என்றார். நல்ல மனத்தோடு சொன்ன மாற்று. விலையைப் பார்த்தால் எங்களுக்கு லாபம். நான் ஒன்று கேட்டேன்: ‘மூஸ் எதனால் இறுகுகிறது, அக்கா?’ ஜெலட்டின் என்றார். ஜெலட்டின் விலங்கின் தோலிலிருந்தும் எலும்பிலிருந்தும் எடுக்கப்படுவது. நம் நாட்டில் கிடைக்கும் ஹலால் ஜெலட்டின் பெரும்பாலும் மாட்டிலிருந்தோ மீனிலிருந்தோ வருகிறது. அவர் பொட்டலத்தைப் பார்த்துச் சொன்னார்: மாடு.

முட்டை இல்லாத கேக்கின் மேல் மாட்டு ஜெலட்டின். கேக்கின் பெயர் அப்போதும் ‘முட்டை இல்லாத கேக்’ என்றுதான் இருந்திருக்கும். அதில் பொய் ஒன்றும் இல்லை. விவரத்தைச் சொன்னதும் அக்காவே பதறிவிட்டார். மூஸ் வேண்டாம், வெறும் மாம்பழத் துண்டுகளைக் கிரீமின் மேல் அடுக்குகிறேன், பழம் பளபளக்கப் பூசும் பாகையும் கடற்பாசியில் செய்கிறேன் என்றார். கடற்பாசி தாவரம் போன்றது, சைவர்களுக்குத் தடையில்லை. சைவ உறவினருக்குக் கேக் அனுப்புகிறவர்கள் ‘முட்டை இல்லை’ என்பதோடு நிறுத்தாமல், மூஸ், சுடாத சீஸ் கேக், கண்ணாடிபோல் மினுங்கும் மேற்பூச்சு, மார்ஷ்மெல்லோ ஆகியவற்றைப் பற்றியும் கேட்க வேண்டும். ஜெலட்டின் பெரும்பாலும் ஒளிந்திருக்கும் இடங்கள் அவை.

பூவில் இதே விஷயம் வேறு விதமாக வந்தது. சிவப்பு ரோஜாவும் மஞ்சள் சாமந்தியும் கலந்து கேட்டிருந்தேன். கடைக்கார அம்மா அழைத்தார். ‘பிறந்தநாள் என்று எழுதியிருக்கிறாய், 75 வயதுப் பாட்டிக்கு மஞ்சள் சாமந்தியா? நிச்சயமாகவா?’ சீனர்களிடையே வெள்ளை, மஞ்சள் சாமந்திகள் இறந்தவர்களுக்கு வைக்கும் பூக்கள். வயதானவரின் பிறந்தநாளுக்கு அதை அனுப்புவதை அவரால் நினைத்துப் பார்க்க முடியவில்லை. எங்களுக்கு அது சாமிக்குச் சாத்தும் பூ, மாலையில் கட்டும் பூ, பாட்டிக்குப் பிடித்த பூ என்றேன். சிரித்துவிட்டு, ‘நல்லவேளை கேட்டேன், இல்லையென்றால் வேறு பூவுக்கு மாற்றியிருப்பேன்’ என்றார். இதைத் திருப்பிப் பாருங்கள். உங்கள் சீனத் தோழியின் பாட்டிக்கு நீங்கள் ரோஜா அனுப்ப, ரோஜா இல்லாமல், அதே விலைக்கு வேறொரு கடை வெள்ளைச் சாமந்தியை வைத்துவிட்டால்? ரிங்கிட் கணக்கில் சமம்தான்.

அதனால் குறிப்புப் பகுதியை வாழ்த்து எழுதுவதற்கு மட்டும் பயன்படுத்தக்கூடாது. எதை மாற்றலாம், எதை மாற்றவே கூடாது என்று பிரித்து எழுத வேண்டும். நான் மலாயில் எழுதியதன் பொருள் இதுதான்:

‘கேக்: முட்டையும் ஜெலட்டினும் எந்த நிலையிலும் வேண்டாம். பழம், நிறம், அலங்காரம் ஆகியவற்றை மாற்றலாம். பூ: மஞ்சளும் சிவப்பும் வேண்டும். ரோஜா இல்லையென்றால் சிவப்பு ஜெர்பரா சரி. வெள்ளை மட்டும் உள்ள கொத்து வேண்டாம். மேற்சொன்னவற்றில் எது முடியாவிட்டாலும் செய்யுமுன் இந்த எண்ணுக்கு அழையுங்கள். தொடர்புகொள்ள முடியாவிட்டால் அனுப்பாமல் பணத்தைத் திருப்பித் தாருங்கள்.’

கடைசி வரி முக்கியம். அது இல்லாவிட்டால், நாம் தேர்வு மண்டபத்தில் கைப்பேசியை அணைத்து வைத்திருக்கும் நேரத்தில், கடைக்காரர் தமக்குத் தெரிந்த நல்லதைச் செய்துவிடுவார்.

எழுத்திலும் ஒரு மாற்று நடக்கவிருந்தது. கேக்கின் மேல் தமிழில் ‘பாட்டி’ என்று வேண்டும் என்றேன். அக்காவுக்குத் தமிழ் எழுதத் தெரியாது. பெரிதாக எழுதிப் படம் பிடித்து அனுப்பினேன். அவர் சாக்லெட்டால் தாளில் எழுதிப் பார்த்து அனுப்பிய படத்தில் புள்ளி இல்லை. ‘அந்தப் புள்ளி அலங்காரமா, அவசியமா?’ என்று கேட்டார். அவசியம்தான். புள்ளி போனால் பாட்டி, ‘பாடடி’ ஆகிவிடுவார்.

அந்த வெள்ளிக்கிழமை

பூ 2.20க்கு வந்தது. ரோஜா ஆறு, மீதிக்குச் சிவப்பு ஜெர்பரா, நடுவில் மஞ்சள் சாமந்தி. அனுமதித்த மாற்று மட்டுமே நடந்திருந்தது. கேக் கிளம்புமுன் அக்கா ஒரு படம் அனுப்பினார்; புள்ளி இருந்தது. 4.10க்கு ஓட்டுநர் அத்தையை அழைத்தார். எதிர்பார்த்தபடியே, வரைபடம் அவரைப் புதிய நகரத்துக்குக் கொண்டுபோயிருந்தது. தேடிய எண்ணில் வீடே இல்லை என்றார். அத்தை, எழுதிக் கொடுத்த மூன்று வரியைப் பார்க்கச் சொல்லி, திரும்ப வேண்டிய இடத்தையும் சொன்னார். 4.25க்குக் கேக் குளிர்பெட்டிக்குள் இருந்தது. எடுக்கப்படாத எண் ஒன்று அந்த ஆர்டரில் இருந்திருந்தால், ஓட்டுநர் சிறிது நேரம் காத்துவிட்டு அடுத்த வீட்டுக்குப் போயிருப்பார். மொத்தச் செலவு 223 ரிங்கிட்: கேக்குக்கு 95, அதன் விநியோகத்துக்கும் குறுகிய நேரத்துக்கும் 33, பூவுக்கு விநியோகத்தோடு 95. மூவரும் பகிர்ந்துகொண்டோம். பாட்டி இரண்டு துண்டு சாப்பிட்டதாக அத்தை சொன்னார்.

வேறு ஏதாவது வந்துவிட்டால்

எல்லா ஆர்டரும் இப்படி முடிவதில்லை. ஆகவே, பணம் கட்டுமுன் ஆர்டர் பக்கத்தை, அதன் அடியில் உள்ள மாற்று விதியோடு சேர்த்துத் திரைப்படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். பொருளை வாங்குபவரிடம், வெட்டுவதற்கு முன், சாடியில் மாற்றுவதற்கு முன், ஒரு படம் எடுக்கச் சொல்லுங்கள். வெட்டிய கேக்கையும் மறுநாள் பூவையும் வைத்து எதையும் காட்ட முடியாது. வந்தது தவறு என்றால் அன்றே எழுத்தில் தெரிவியுங்கள்.

விற்கும் பொருள் அதைப் பற்றிச் சொன்ன விவரத்தோடு பொருந்த வேண்டும் என்பது 1999ஆம் ஆண்டின் பயனீட்டாளர் பாதுகாப்புச் சட்டம் தரும் உறுதி. மாற்று விதி ஒன்று இருப்பதால் மட்டும் எதை வேண்டுமானாலும் தரலாம் என்று ஆகிவிடாது. ‘முட்டை இல்லை’ என்று கேட்டதற்கு முட்டைக் கேக் வந்தால், விலை சமமாக இருந்தாலும் விவரம் பொருந்தவில்லை. கடை பதில் சொல்ல மறுத்தால், உள்நாட்டு வாணிபம், வாழ்க்கைச் செலவின அமைச்சின் கீழ் உள்ள பயனீட்டாளர் கோரிக்கை நடுவர் மன்றத்தில் மனுச் செய்யலாம். கட்டணம் 5 ரிங்கிட், வழக்கறிஞர் தேவையில்லை. ஆனால் யார் மீது மனுச் செய்வது என்று தெரிய வேண்டும். முதலில் சொன்ன பெயரும் வணிகப் பதிவு எண்ணும் உதவுவது இங்கேதான்.

ஒரு நாள்காட்டிக் குறிப்பும் உண்டு. மே மாதத்தின் இரண்டாவது ஞாயிறு அன்னையர் தினம், மே 16 ஆசிரியர் தினம். அந்த வாரத்தில் பூவுக்கு விலை ஏறும், குறுகிய நேர இடைவெளிகள் முதலில் தீரும், மாற்று அதிகம் நடக்கும். அப்போது படத்தைக் காட்டி ‘இதே கொத்து’ என்று கேட்பதைவிட, தொகையையும் நிறத்தையும் வேண்டாத பூவையும் மட்டும் சொல்லிவிட்டு, மிச்சத்தை அன்று காலை நல்லதாக வந்த பூவை வைத்துக் கட்டச் சொல்லலாம். வாளியில் இருப்பதில் எது நன்றாக இருக்கிறது என்று அவருக்குத் தெரியும். பெறுபவருக்கு எது ஆகாது என்று நமக்குத்தான் தெரியும். அதை எழுதிக் கொடுத்துவிட்டால் போதும்.